தேதி தப்பு என்கிறாயே, எந்த வருஷம் என்று சொன்னால் என்ன?

"உங்கள் போனின் தேதி தவறாக உள்ளது. சரிசெய்துவிட்டு மீண்டும் முயலவும்." ஒரு மெசேஜ் ஆப் காட்டிய இந்த இரண்டு வரியால் தங்கச்சிமடத்தில் என் சித்தப்பா மூன்று நாள் கடை கடையாக அலைந்திருக்கிறார். வயிறு எரிகிறது.

2025 ஜூன் 12, வியாழக்கிழமை. மீன்பிடித் தடைக்காலம் முடிய இரண்டே நாள் பாக்கி. டீசல், ஐஸ், வலை என்று படகுக்காரர் யாருக்கும் மூச்சுவிட நேரமில்லை. சித்தப்பாவுக்கு எழுத்து வராது. வியாபாரியிடம் வாங்கிய முன்பணம், ஐஸ் பாக்கி, மெக்கானிக் சொன்ன கணக்கு எல்லாமே அந்த மெசேஜ் ஆப்பில் குரல் பதிவாகத்தான் கிடக்கும். அந்த ஆப்தான் திறக்க மாட்டேன் என்றது.

செவ்வாய்க்கிழமை போனுக்குப் பேட்டரி மாற்றினார். அன்று சாயங்காலமே இந்த அறிவிப்பு. திரும்பக் கடைக்குப் போனால், "அண்ணே, தேதி சரியாத்தானே இருக்கு" என்று பூட்டுத் திரையைக் காட்டி அனுப்பிவிட்டார். அதில் நாளும் மாதமும் சரியாகத்தான் இருந்தன. மறுநாள் இன்னொரு கடை. அவர் ஒன்றும் பார்க்காமல் ஆப்பையே அழித்துவிட்டுத் தன் போனிலிருந்து புதிதாக ஏற்றினார். பேக்கப் இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஏற்றிய பிறகும் அதே இரண்டு வரி!

வியாழன் காலையில் என்னிடம் போனை நீட்டினார். பூட்டுத் திரையில் "புதன், 12 ஜூன்" என்று இருந்தது. அன்றைக்கு வியாழன். அமைப்புகளுக்குள் போனால் வருஷம் 2024. அதே போனில் பிரவுசரைத் திறந்தால் `NET::ERR_CERT_DATE_INVALID`, அதாவது சான்றிதழின் தேதி செல்லாது என்ற பிழை. ஆப்பில் குற்றம் இல்லை, கடிகாரத்தில்தான் குற்றம் என்று அப்போதே தெரிந்துவிட்டது. முதல் கடைக்காரரைக் கூப்பிட்டுக் கேட்டேன். பேட்டரி மாற்றியதும் போன் 2024 ஜனவரி 1-க்குப் போய்விட்டதாம். தானியங்கித் தேதியை அணைத்துவிட்டு நாள், மாதம், மணியைக் கையால் வைத்தாராம். வருஷத்தைத் தொடவே இல்லை.

வருஷம் தப்பினால் மெசேஜ் ஏன் போகாது? நம் ஊரில் விசைப்படகு கடலுக்குப் போக மீன்துறையில் அன்றன்றைக்கு டோக்கன் வாங்குகிறோம் இல்லையா, அது மாதிரி ஒவ்வொரு சர்வரும் தான் யார் என்று காட்ட ஒரு சான்றிதழ் வைத்திருக்கிறது. இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரை செல்லும் என்று அதிலேயே இருக்கும். போன் அதைத் தன் கடிகாரத்தோடு ஒப்பிடுகிறது. சித்தப்பாவின் போனுக்கு அது 2024. சான்றிதழோ 2025-இல் கொடுத்தது. இன்னும் செல்லத் தொடங்காத சான்றிதழைக் காட்டுகிறவன் திருடனாகவும் இருக்கலாம் என்று போன் கதவைச் சாத்திவிடுகிறது. சாத்துவது சரிதான். சான்றிதழின் ரகசியச் சாவி களவு போனாலும் குறிப்பிட்ட நாளுக்குமேல் அது உதவக்கூடாது என்றுதான் கெடுவே வைக்கிறார்கள். யாரோ வழியில் நின்று "இன்று போன வருஷம்" என்று சொல்லி, காலாவதியான சான்றிதழை நம்பவைத்துவிடக் கூடாது. அதனால்தான் எதிரில் இருப்பவன் சொல்லும் தேதியை எடுத்துக்கொண்டு போன் தன்னைத் திருத்திக்கொள்வதில்லை. இணையத்தளச் சான்றிதழ்களின் ஆயுளையும் குறைத்துக்கொண்டே வருகிறார்கள். 2029 மார்ச் 15 முதல் அதிகபட்சம் 47 நாள்தான். இனி ஒரு வருஷம் வேண்டாம், கடிகாரம் இரண்டு மாதம் தப்பினாலே பிரவுசர் கதவைச் சாத்தும்.

பாதுகாப்பு இருக்கட்டும், வேண்டாம் என்று யார் சொன்னது? என் கோபமெல்லாம் அந்த இரண்டு வரி மேல்தான். புதன்கிழமை ஏற்றிய ஆப் 2025-இல் செய்தது. தான் பிறந்த நாள் அதற்குத் தெரியும். தான் பிறப்பதற்கு முந்தைய வருஷத்தில் எந்தப் போனும் தன்னை ஓட்ட முடியாது என்பதும் அதற்குத் தெரிந்திருக்க வேண்டும். "உங்கள் போன் 2024 என்று காட்டுகிறது, வருஷத்தைப் பாருங்கள்" என்று எழுத எத்தனை எழுத்து ஆகும்? கூடவே "ஆப்பை அழிக்காதீர்கள், அழித்தாலும் இது சரியாகாது" என்று ஒரு வரி போட்டிருந்தால் அந்த இரண்டாவது கடையில் கை நின்றிருக்குமே. படிக்கத் தெரிந்தவனுக்கே புரியாத அறிவிப்பை வைத்துக்கொண்டு எங்கள் சனம் என்ன செய்யும்?

தானியங்கித் தேதியை ஆன் செய்தேன். டவரிலிருந்து நேரம் வந்தது, வருஷம் மாறியது, ஆப் திறந்தது. பத்து விநாடிகூட ஆகவில்லை. உள்ளே ஒரு மெசேஜ் இல்லை.

"தம்பி, பழசு எல்லாம் வந்துருமா?" என்று கேட்டார். வராது என்றேன். முன்பணம் 35,000 என்கிறார் சித்தப்பா. வியாபாரி இப்போது 40,000 என்கிறார். அவரே வாயால் சொன்ன தொகை அந்தப் போனில்தான் இருந்தது.