வகுப்பு முழுக்க நடை மாறினால், முதலில் கேள்வியைப் பாருங்கள்

போன செமஸ்டர் ஆங்கிலக் கட்டுரைகளில் ஒரு வாக்கியத்துக்குச் சராசரி 15 சொல். இந்த செமஸ்டரில் 19. உடனே “பிள்ளைகள் யாரும் சொந்தமாக எழுதவில்லை” என்று முடிவுகட்டுவது பெரிய அநியாயம். போன முறை கேட்டது சொந்த அனுபவம், இந்த முறை கேட்டது ஒரு கருத்தை ஆதரித்து வாதம் என்றால், வாக்கியம் தானாகவே நீளும்.

எண்ணுவதற்கு முன்னால் மேற்கோள், நூற்பட்டியல், தலைப்பு, திருப்பி எழுதிய கேள்வி எல்லாவற்றையும் நீக்குங்கள். புள்ளியிட்ட பட்டியல்தான் அதிகம் ஏமாற்றும். வரி முடிவில் முற்றுப்புள்ளி இல்லாவிட்டால் எட்டு வரியையும் எண்ணும் கணினி நிரல் ஒரே வாக்கியமாக எடுத்துக்கொள்ளும். அப்படி ஒரு 90 சொல் வாக்கியம் போதும், சராசரி எகிறிவிடும். அதனால் ஒவ்வொரு கட்டுரையிலும் மிக நீளமான ஐந்து வாக்கியங்களையாவது கண்ணால் பார்த்துவிட வேண்டும்.

சொல்வளத்தில் வேறொரு பொறி. வெவ்வேறு சொற்களின் எண்ணிக்கையை மொத்தச் சொற்களால் வகுப்பது வழக்கம். 250 சொல் கட்டுரையில் 140 வெவ்வேறு சொல் இருந்தால் 0.56. அதே மாணவி 900 சொல் எழுதி, அதில் 360 வெவ்வேறு சொல் இருந்தால் 0.40. அவள் சொல்வளம் குறையவில்லை; எழுத எழுதப் பழைய சொற்கள் திரும்ப வரும், அவ்வளவுதான். எல்லாக் கட்டுரையிலும் முதல் 250 சொல்லை மட்டும் எடுத்து ஒப்பிட்டால் இந்தக் கோளாறு போய்விடும்.

அடுத்து, ஒவ்வொரு மாணவருக்கும் இந்த செமஸ்டர் வாக்கிய நீள எண்ணிலிருந்து போன செமஸ்டர் எண்ணைக் கழியுங்கள். 40 பேரின் வித்தியாசங்களையும் வரிசைப்படுத்தி நடுவில் நிற்கும் இரண்டின் சராசரியை எடுங்கள். அது 4 என்றால், 14-லிருந்து 18-க்குப் போனவர் வகுப்போடு நகர்ந்தவர். 13-லிருந்து 24-க்குப் போனவர் வகுப்பைவிட 7 சொல் கூடுதலாக நகர்ந்திருக்கிறார். அவருடைய பழைய கட்டுரைகள் 12, 13, 21 என்று முன்பே ஏறி இறங்கியிருந்தால் அந்த 7-க்கும் பெரிய அர்த்தமில்லை. 12, 13, 13 என்று ஒரே சீராக இருந்தால்தான் கட்டுரையைக் கையில் எடுத்துப் படிக்க வேண்டும்.

இந்த முறைக்கு ஒரு குருட்டுப் புள்ளி உண்டு. பாதி வகுப்புக்கும் மேல் வெளியிலிருந்து எழுதி வாங்கியிருந்தால் நடு எண்ணே நகர்ந்துவிடும். அப்படி வாங்கியவர்கள் தனித்துத் தெரியமாட்டார்கள். இதே கேள்விக்கு முந்தைய ஆண்டு மாணவர்கள் எழுதியது கையில் இருந்தால் அதோடு ஒப்பிடலாம். அவர்களும் 19-ஐ ஒட்டியே எழுதியிருந்தால் காரணம் கேள்விதான். அவர்கள் 15-இல் நின்றிருந்தால் வகுப்பில் உட்காரவைத்து ஒரு பத்தி எழுதச் சொல்லிப் பார்க்கலாம். நேரக் கெடுவில் எழுதும்போது யாருக்குமே வாக்கியம் சுருங்கக்கூடும் என்பதால், அந்தப் பத்தியையும் வகுப்பு நடு எண்ணோடு வைத்தே அளக்க வேண்டும்.