"தூங்கிட்டார்" என்று சொல்லாதீர்கள்

"நாலு வயசுக் குழந்தைக்குச் சாவு புரியாது, தாத்தா தூங்கிட்டார்னு சொன்னா போதும். பாட்டி எதிர்பார்த்ததுதான், தாங்கிக்குவாங்க."

தாத்தா இறந்த வீட்டில் குழந்தையையும் பாட்டியையும் எப்படிக் கவனிப்பது என்ற பேச்சில் ஒருவர் சொன்னது இது. இரண்டுமே ஆபத்தான யோசனை. நாலு வயதில் பிரிவு நன்றாகவே உறைக்கும். இறந்தவர் திரும்ப வரமாட்டார் என்பதுதான் பிடிபடாது. பெரும்பாலான குழந்தைகளுக்கு அது ஐந்திலிருந்து ஏழு வயதுக்குள் தெளிவாகும். "தூங்கிட்டார்" என்று கேட்ட குழந்தை ராத்திரி படுக்கவே பயப்படலாம். இப்படிச் சொல்லுங்கள்: "தாத்தா செத்துப்போயிட்டார். அவர் உடம்பு வேலை செய்யறது நின்னுபோச்சு. இனி மூச்சு விடமாட்டார், வலிக்காது, திரும்பி வரமாட்டார்." மறுநாள் "எப்ப வருவார்?" என்று கேட்கும். அதே வார்த்தைகளில் அதே பதில். தான் கோபப்பட்டதால்தான் போய்விட்டார் என்றுகூட நினைத்திருக்கலாம். "உன்னால இல்ல" என்று நீங்களாகவே சொல்லிவிடுங்கள்.

அதே பேச்சில் இன்னொருவர், தாத்தா இறந்த அன்றே தன் மகன் விளையாடப் போனதால் அவனுக்குப் பாதிப்பில்லை என்கிறார். குழந்தைகள் துக்கத்தை விட்டு விட்டுத்தான் சுமப்பார்கள். அரை மணி விளையாட்டு, பிறகு அழுகை.

பாட்டிக்கு மரணம் புரிகிறது, குலைந்துபோவது அன்றாடம். மாத்திரையை எடுத்துக்கொடுத்தவரே போயிருந்தால் வேளை தவறும், சாப்பாடு குறையும். முதல் சில வாரங்கள் மாத்திரைப் பெட்டியையும் எடையையும் பாருங்கள். தாத்தாவின் பெயரைச் சொல்லிப் பேசவிடுங்கள்.

மறதிநோய் உள்ளவரிடம் சாவையே மறைத்துவிடுங்கள் என்று வேறொருவர் சொன்னது பாதி சரி. முதல் முறை உண்மையைச் சொல்லலாம். ஒவ்வொரு முறையும் புதிதாக இடிந்துபோனால், "அவரைத் தேடுதா?" என்று பேச்சைத் தொடருங்கள். எப்போது மாற்றுவது என்பதில் ஒரே விதி கிடையாது.