36 டியூ கட்டியும் கடன் ஏன் குறையவில்லை?

போன ஞாயிற்றுக்கிழமை காவேரிப்பட்டணத்திலிருந்து என் சித்தி மகன் தர்மபுரிக்கு வந்திருந்தான். ஓசூரில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை பார்ப்பவன். மூன்று வருடத்துக்கு முன்னால் 20 லட்சம் வீட்டுக்கடன் வாங்கி வீடு கட்டினான். வந்ததும் ஆரம்பித்தான்: "அக்கா, மாசம் தவறாம 36 டியூ கட்டியிருக்கேன். கிட்டத்தட்ட ஆறரை லட்சம். பாக்கி எவ்வளவுன்னு கேட்டா பதினெட்டே முக்கால் லட்சம்னு சொல்றாங்க. என்னை நல்லா ஏமாத்திட்டாங்கக்கா."

கடன் கொடுத்த இடத்தில் கேட்டதற்கு, "எல்லாருக்கும் அப்படித்தான் சார் வரும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்களாம். அந்தப் பதில்தான் எனக்குக் கோபம். அவர்கள் போட்ட கணக்கில் தப்பு இல்லை. ஆனால் அது எப்படி வருகிறது என்று ஐந்து நிமிடம் உட்கார்ந்து காட்டியிருந்தால் இவன் மூன்று வருடத்துக்கு முன்னாலேயே வேறு மாதிரி கட்டியிருப்பான்.

ஆடிட்டர் அலுவலகத்தில் பல வருடமாகக் கணக்கு எழுதுகிறவள் நான். கடன் பேப்பர் கட்டைக் கொண்டுவரச் சொல்லியிருந்தேன். அதில் கடைசியில் ஏழெட்டுப் பக்கம், வெறும் எண்ணாக இருக்கும் ஒரு அட்டவணை. ரீபேமெண்ட் ஷெட்யூல் என்றோ அமார்டைசேஷன் ஷெட்யூல் என்றோ தலைப்புப் போட்டிருப்பார்கள். மாதத்துக்கு ஒரு வரிசையாக மொத்தம் 240 வரிசை. ஒவ்வொரு வரிசையிலும் டியூ தொகை, அதில் வட்டி எவ்வளவு, அசல் எவ்வளவு, கட்டிய பிறகு பாக்கி எவ்வளவு என்று நான்கு கட்டம். அவன் அந்தப் பக்கங்களை ஒருமுறைகூடத் திருப்பிப் பார்த்ததில்லை.

அவன் கடன் 20 லட்சம், வட்டி வருடத்துக்கு 9 சதவீதம், 20 வருடம். டியூ 17,995 ரூபாய். முதல் வரிசையைப் படிக்கச் சொன்னேன். வட்டி 15,000. அசல் 2,995. பாக்கி 19,97,005. படித்துவிட்டு அப்படியே நிமிர்ந்து பார்த்தான்.

"அந்த 15,000 எங்கிருந்து வந்துச்சு, நீயே போட்டுப் பாரு" என்று போனில் கால்குலேட்டரைத் திறக்கச் சொன்னேன். பாக்கித் தொகையை 9 ஆல் பெருக்கி 1200 ஆல் வகுக்க வேண்டும். நூற்றுக்கு 9 என்பதால் 100, மாதக் கணக்கு என்பதால் 12, இரண்டும் சேர்ந்து 1200. இருபது லட்சத்துக்குச் சரியாக 15,000 வருகிறது. டியூவில் அது போக மிச்சம்தான் அசலுக்குப் போகிறது. இரண்டாவது மாதம் 19,97,005க்கு மட்டும் வட்டி, 14,978. ஆக அசல் 3,017. மூன்றாவது மாதம் அசல் 3,040. மாதம் இருபது, முப்பது ரூபாயாகத்தான் அசல் ஏறுகிறது. 36-வது வரிசையில்கூட வட்டி 14,105, அசல் 3,890தான்.

இப்படி மூன்று வருடத்தையும் கூட்டினோம். கட்டியது 6,47,820. அதில் வட்டிக்குப் போனது சுமார் 5,24,570. அசலில் கழிந்தது 1,23,250. பாக்கி 18,76,750. கடன் கொடுத்தவர்கள் சொன்ன தொகையேதான்.

இங்கே நிறையப் பேர் சொல்லும் ஒரு பேச்சை மறுக்க வேண்டும். "முதல்ல வட்டியை எல்லாம் எடுத்துக்குவாங்க, அப்புறம்தான் அசலைத் தொடுவாங்க" என்பார்கள். அப்படி எந்த விதியும் இல்லை. 240 மாதமும் ஒரே கணக்குதான், அந்த மாதப் பாக்கிக்கு வட்டி. ஆரம்பத்தில் பாக்கி மலை மாதிரி இருக்கிறது, அதனால் வட்டி பெரிதாக இருக்கிறது. இந்த அட்டவணையில் அசல் வட்டியை முதன்முதலாகத் தாண்டுவது 149-வது வரிசையில், அதாவது பன்னிரண்டு வருடம் முடிந்து ஐந்தாவது மாதம். கடைசி வரிசையில் வட்டி வெறும் 134 ரூபாய். உங்கள் அட்டவணை சரியா என்று பார்க்க எந்த வரிசையையும் எடுத்து, முந்தைய வரிசையின் பாக்கியை வட்டி விகிதத்தால் பெருக்கி 1200 ஆல் வகுத்தால் போதும். ஒன்றிரண்டு ரூபாய் வித்தியாசம் வரலாம். நூற்றுக்கணக்கில் வந்தால் கேளுங்கள். முதல் மாதம் மட்டும் பணம் கைக்கு வந்த தேதியைப் பொறுத்து மாறும்.

இப்போது எனக்கு முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். எல்லாரும் இந்த அட்டவணையில் வட்டிக் கட்டத்தைப் பார்த்து வயிறு எரிகிறார்கள். பார்க்க வேண்டியது அசல் கட்டத்தை. அதுதான் அந்த வரிசையின் விலை.

அவனுடைய அடுத்த வரிசை 37. அதில் அசல் 3,919, வட்டி 14,076. 36-வது டியூவைக் கட்டியதோடு இந்த 3,919ஐயும் "அசலில் கழிக்கவும்" என்று சொல்லிக் கட்டிவிட்டால் என்ன ஆகும்? பாக்கி 37-வது வரிசையில் போட்டிருக்கும் பாக்கிக்கு இறங்கிவிடும். அடுத்த மாதம் அவன் கட்டப்போவது 38-வது வரிசை. 37-வது வரிசையை அவன் மிதிக்கவே இல்லை, அதில் இருந்த 14,076 வட்டியும் அவனுக்கு இல்லை. டியூ மாறாது, கடைசியில் ஒரு டியூ குறைந்துவிடும். 3,919 கொடுத்து 17,995 ரூபாய் டியூ ஒன்றை நீக்கியிருக்கிறான்.

இதே வேலையைப் பத்து வருடம் கழித்துச் செய்தால்? 121-வது வரிசையின் அசல் 7,341. ஒரு வரிசையைத் தாண்டும் செலவு கிட்டத்தட்ட இரண்டு மடங்காகிவிட்டது. நம்ம பக்கம் பலரும் "கொஞ்சம் கொஞ்சமா கட்டி என்ன ஆகப் போகுது, சேர்த்து வச்சு கடைசியில மொத்தமா அடைச்சுக்கலாம்" என்கிறார்கள். வரிசை மலிவாக இருக்கும் வருடங்களில் சும்மா இருந்துவிட்டு, விலை ஏறிய பிறகு வாங்கப் போகிறார்கள்.

தம்பிக்குச் சீட்டு எடுத்த பணம் ஒரு லட்சம் கையில் இருந்தது. 18,76,750இல் ஒரு லட்சம் போனால் 17,76,750. அந்தத் தொகை அட்டவணையில் எங்கே இருக்கிறது என்று விரலை வைத்துத் தேடச் சொன்னேன். 59-வது வரிசைக்கும் 60-வது வரிசைக்கும் நடுவில் போய் நின்றது. 36இல் இருந்தவன் இருபத்துமூன்று வரிசைக்கு மேல் தாண்டிவிட்டான். தாண்டிய வரிசைகளில் இருந்த வட்டியைக் கூட்டினால் மூன்றேகால் லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. இதே ஒரு லட்சத்தைப் பத்தாவது வருட முடிவில் கட்டினால் பதின்மூன்று வரிசைதான் போகும், மிச்சமாகும் வட்டி 1,34,000 அளவில் நிற்கும்.

இந்த மிச்சம் நாளைக்கே கைக்கு வராது. டியூ முன்கூட்டியே முடியும்போதுதான் தெரியும். கட்டிய ஒவ்வொரு ரூபாயும் வருடத்துக்கு 9 சதவீத வட்டியை நிறுத்துகிறது, அவ்வளவுதான் அதன் பலன். ஆகவே நூற்றுக்கு மாதம் ரெண்டு வட்டிக்குக் கைமாற்று வாங்கியிருந்தால், அது வருடத்துக்கு 24 சதவீதம், முதலில் அதை அடைத்துவிடுங்கள். ஆஸ்பத்திரிச் செலவுக்கென்று வைத்திருக்கும் பணத்தையும் கொண்டுபோய் இதில் போடாதீர்கள். போட்டால் திரும்ப எடுக்க முடியாது.

அப்புறம், பணம் கட்டும்போது வாயைத் திறந்து சொல்லியாக வேண்டிய ஒன்று இருக்கிறது. ஒரு லட்சம் கட்டினால் அவர்கள் இரண்டு விதமாக எடுத்துக்கொள்ளலாம். டியூவை அப்படியே வைத்து மாதங்களைக் குறைப்பது ஒன்று. மாதங்களை அப்படியே வைத்து டியூவைக் குறைப்பது இன்னொன்று. தம்பி கணக்கில் இரண்டாவது வழியில் டியூ 17,036 ஆகும், மாதம் 959 ரூபாய் கையில் நிற்கும், 204 மாதமும் ஓடும். மொத்தத்தில் மிச்சமாகும் வட்டி 96,000 பக்கம்தான். வேலை போய் டியூ கட்டவே திணறுகிறவருக்கு அந்த வழி சரி. கட்ட முடிகிறவர் அதை எடுக்கக் கூடாது என்பது என் கருத்து. சும்மா பணத்தைக் கட்டிவிட்டு வந்தால் எது நடந்தது என்றே பல மாதம் தெரியாமல் இருக்கும்.

அவன் கடன் முதல் மூன்று வருடம் மாறாத வட்டி, இப்போது ஃப்ளோட்டிங்குக்கு வந்திருக்கிறது. அதில் ஒரு நல்லது, ஒரு கெட்டது. ஃப்ளோட்டிங் வட்டியில் தனிநபர் வாங்கிய வீட்டுக்கடனை முன்கூட்டிக் கட்டினால் அபராதம் வாங்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. வங்கிகளுக்கு 2012இலேயே சொல்லிவிட்டார்கள். கெட்டது, வட்டி ஏறினால் கையில் இருக்கும் அட்டவணை செல்லாது. அரை சதவீதம் ஏறி ஒன்பதரை ஆனது என்று வைத்துக்கொள்வோம். டியூவை மாற்றாமல் விட்டால் அசலுக்குப் போகும் 3,919 உடனே 3,137 ஆகிவிடும். பாக்கி இருந்த 204 மாதம் 222 ஆகிவிடும். மாதாமாதம் கணக்கில் போகும் தொகை அதே 17,995 என்பதால் இந்தப் பதினெட்டு மாதம் கண்ணுக்கே தெரியாது. 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி போட்ட உத்தரவுப்படி, வட்டி மாறும்போது டியூவை ஏற்றுவதா, மாதத்தை நீட்டுவதா, இரண்டையும் கலப்பதா என்று உங்களைக் கேட்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, இதுவரை வசூலான அசல், வட்டி, இன்னும் எத்தனை டியூ என்ற விவரமும் கொடுக்க வேண்டும். அந்தத் தாளில் மிச்ச டியூ எண்ணிக்கையை மட்டுமாவது போன தடவையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 3 குறைந்திருக்க வேண்டும். கூடியிருந்தால் உங்களைக் கேட்காமல் நீட்டியிருக்கிறார்கள்.

2024 அக்டோபர் முதல் வாங்கிய கடன்களுக்கு முக்கிய விவரத் தாளோடு சேர்த்து இந்த அட்டவணையையும் கையெழுத்துக்கு முன்பே கொடுத்தாக வேண்டும். கொடுக்கிறார்கள். தேதியும் கையெழுத்தும் போடும் அவசரத்தில் அதை யார் படிக்கிறார்கள்? கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறித்துவிட்டு வந்து நிற்கிறவரிடம் "அசல் கட்டத்தைப் பாருங்க" என்று சொல்ல அங்கே ஒருவர் வேண்டும். அது கடன் கொடுக்கிறவர் வேலை என்றே நான் நினைக்கிறேன்.

தம்பி செவ்வாய்க்கிழமை ஷிப்ட் முடிந்து நேராகப் போய்ப் பணம் கட்டினான். நான் சொன்னபடி ஒரு வெள்ளைத் தாளில் எழுதியும் கொடுத்தான்: "இன்று செலுத்தும் ரூ.1,00,000ஐ முழுவதும் அசலில் கழித்து, மாதத் தவணைத் தொகையை மாற்றாமல், தவணைகளின் எண்ணிக்கையைக் குறைத்து, புதிய அட்டவணை தருமாறு கேட்டுக்கொள்கிறேன்." நகலில் சீல் வாங்கி வைத்திருக்கிறான். நேற்று புதிய அட்டவணையைப் போட்டோ எடுத்து அனுப்பினான். 204 இருந்த இடத்தில் 181 வரிசை. முதல் வரிசையில் அசல் 4,669 என்பதைப் பேனாவால் வட்டம் போட்டிருந்தான்.