ஆட்டோபைலட் நின்றால் விமானிகள் திடுக்கிடுவதில்லையா?

“சிமுலேட்டரில் எல்லாக் கோளாறுகளையும் பழகிய விமானிகள், ஆட்டோபைலட் திடீரென நின்றாலும் பதறவே மாட்டார்கள்” என்று பகிரப்படுகிறது.

இது தவறு. 2009 ஜூன் 1 அன்று, ரியோ டி ஜெனீரோவிலிருந்து பாரிஸ் சென்ற ஏர் பிரான்ஸ் 447 விமானம் 35,000 அடி உயரத்தில் பறக்கையில், வேகத்தை அளக்கும் பிட்டோ குழாய்களைப் பனித்துகள்கள் அடைத்ததால் ஆட்டோபைலட் விலகியது. பதிவான வேகக் காட்டிகளின் பிழை ஒரு நிமிடத்துக்கும் குறைவாகவே நீடித்தது. விமானத்தின் மூக்கைக் கிடைமட்டத்துக்குச் சற்று மேலே நிலையாக வைத்து, இயந்திர விசையையும் மாற்றாமல் இருந்திருந்தால் போதும். ஆனால் விமானி மூக்கை உயர்த்திக்கொண்டே போனார். விமானம் ஏறக்குறைய 38,000 அடிவரை ஏறி, இறக்கைகளின் தூக்குவிசையை இழந்தது. அந்நிலைக்கான எச்சரிக்கை 54 விநாடிகள் இடைவிடாமல் ஒலித்தும் பலனில்லை. நான்கரை நிமிடத்துக்குள் அது கடலில் விழுந்து, 228 பேரும் இறந்தனர்.

அந்த விமானிகள் வேகக் காட்டிக் கோளாறுக்குப் பயிற்சி பெறாதவர்கள் அல்லர். அப்பயிற்சி குறைந்த உயரத்தில் நடந்தது, அதிக உயரத்தில் கையால் ஓட்டும் பயிற்சி அவர்களுக்கு இருக்கவில்லை.

திடுக்கிடல் உடலின் அனிச்சைச் செயல், நொடிகளில் அடங்கும். நடப்பது எதிர்பார்ப்போடு பொருந்தாத திகைப்போ நெடுநேரம் நீளும். வரப்போகும் கோளாறு முன்பே தெரிந்தால் (வழக்கமான தேர்வுகளில் பெரும்பாலும் தெரிந்துவிடும்) திகைப்புக்கே இடமில்லை. ஆகவே இப்போதைய பயிற்சியில் அறிவிக்காத கோளாறுகளைத் தந்து, முதலில் மூக்கின் கோணத்தையும் விசையையும் நிலைப்படுத்தவும், பின்னர் காண்பதை வாய்விட்டுச் சொல்லவும், அதன் பிறகே காரணம் தேடவும் பழக்குகிறார்கள். சிமுலேட்டரில் உண்மையான உயிரச்சம் எழாது என்பது இதன் வரம்பு.