மூன்றில் ஏழு போகாது

மூன்றாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறவள் நான். கழித்தலில் கடன் வாங்கும் பாடம் வரும்போதெல்லாம் எனக்கு ஒரு ஆதங்கம் வரும். வாழ்க்கைக் கணக்கு என்று சொல்லிச் சந்தையையும் பேருந்தையும் ஒன்றாகக் கலந்து கொடுத்துவிடுகிறோம். அது தவறு என்றே நினைக்கிறேன். இரண்டும் வேறு வேறு வேலை செய்பவை.

"பேருந்தில் 43 பேர் இருந்தார்கள். 17 பேர் இறங்கினார்கள். மீதி எத்தனை பேர்?" இதைக் கொடுத்தால் வகுப்பில் சிலராவது 34 என்று எழுதுவார்கள். ஒரு பெண்ணிடம் எப்படி வந்தது என்று கேட்டேன். "மூணுல ஏழு போகாது டீச்சர், அதனால ஏழுல மூணு எடுத்தேன்" என்றாள். பெரியதிலிருந்து சின்னதைத்தான் கழிக்க வேண்டும் என்று முந்தைய வகுப்பில் நாம் சொன்னதைத்தான் அவள் செய்திருக்கிறாள். இன்னும் சிலர் 36 என்று எழுதுவார்கள். அவர்கள் கடன் வாங்கி 13-இல் 7 போக 6 என்று சரியாகப் போட்டுவிட்டு, பத்துகள் இடத்தில் 4-ஐ 3 ஆக்க மறந்தவர்கள். சரியான விடை 26.

34 எழுதியவருக்கும் 36 எழுதியவருக்கும் ஒரே வைத்தியம் பலிக்காது. முதல் குழந்தைக்குப் பத்தைப் பிரிக்கலாம் என்பதே தெரியாது. இரண்டாவது குழந்தைக்குப் பிரிக்கத் தெரியும், பிரித்தால் ஒரு பத்து குறையும் என்பது மனதில் பதியவில்லை. இருவருக்கும் "கடன் வாங்கு" என்று மட்டும் சொன்னால் எதுவும் மாறாது. அந்தச் சொல்லே எனக்குப் பிடிக்காது. கடன் வாங்கினால் திருப்பித் தர வேண்டுமே, இங்கே யாரும் தருவதில்லை. இனமாற்றம் என்று பாடநூல் சொல்வதும் குழந்தையின் காதில் ஏறாது. கட்டைப் பிரிக்கிறோம் என்பேன், அவ்வளவுதான்.

அதற்குத்தான் சந்தை. கடையில் பென்சில்கள் பத்துப் பத்தாகக் கட்டி வைத்திருக்கின்றன. 4 கட்டு, 3 உதிரி. ஒருவர் வந்து 17 கேட்கிறார். உதிரியில் ஏழு இல்லை. கடைக்காரர் என்ன செய்வார்? ஒரு கட்டின் ரப்பர் பேண்டை உருவுவார். இப்போது 3 கட்டு, 13 உதிரி. இந்த இடத்தில் நிறுத்தி, "இப்போ மொத்தம் எத்தனை?" என்று கேளுங்கள். எண்ணிப் பார்த்து 43 என்று குழந்தையே சொல்ல வேண்டும். எதுவும் கூடவில்லை, குறையவில்லை, கட்டு மட்டும் பிரிந்தது. அப்புறம் 7 உதிரியும் 1 கட்டும் கொடுத்தால் 2 கட்டும் 6 உதிரியும் நிற்கும். 36 எழுதுகிற குழந்தை அவிழ்ந்த கட்டைக் கண்ணால் பார்த்த பிறகு அதை மறுபடி எண்ணாது. பத்து நோட்டைக் கொடுத்துச் சில்லறை மாற்றுகிற கணக்கு இதற்கு அடுத்த படி. அங்கே நோட்டுக்குள் பத்து நாணயம் இருப்பது கண்ணுக்குத் தெரியாது. அதனால் கட்டு முதலில், நோட்டு பிறகு.

பேருந்தில் பிரிக்க எதுவும் இல்லை. ஆட்கள் கட்டாக உட்கார்ந்திருப்பதில்லை. ஆகவே இனமாற்றத்தை அங்கே கற்றுக்கொடுக்க முடியாது. ஆனால் எப்போது கழிப்பது என்பதைக் கற்றுக்கொடுக்க அதைவிட நல்ல இடம் கிடையாது. "27 பேர் இருந்தார்கள், சிலர் ஏறினார்கள், இப்போது 52 பேர், ஏறியவர்கள் எத்தனை?" என்று கேட்டால் 'ஏறினார்கள்' என்ற சொல்லைப் பார்த்தவுடன் கூட்டி 79 என்பார்கள். ஏறியது என்றால் கூட்டல், இறங்கியது என்றால் கழித்தல் என்று சொல்லிக்கொடுத்ததன் பலன் அது.

அதே 52 − 27-இல் இன்னொரு சிக்கலும் உண்டு, நானே பல நாள் கவனிக்காமல் இருந்தது. திருப்பிக் கழித்தாலும் 35 வரும், பத்தைக் குறைக்க மறந்தாலும் 35 வரும். ஒன்றுகள் இடத்து இலக்கங்களுக்குள் வித்தியாசம் 5 இருந்தால் எப்போதும் இப்படித்தான். தாளை வைத்துக்கொண்டு குழந்தை எங்கே தடுக்கியது என்று கண்டுபிடிக்கவே முடியாது. கணக்கு தயாரிக்கும்போது அந்த ஜோடிகளைத் தவிர்த்துவிடுங்கள்.

சரிபார்ப்பதற்கும் பேருந்துதான் எனக்குக் கைகொடுக்கிறது. இறங்கியவர்களை மறுபடி ஏற்றச் சொல்வேன். 36 எழுதியவன் 17 பேரை ஏற்றினான், 53 வந்தது. சரியாகப் பத்துப் பேர் அதிகம் என்றதும் அவனே பத்துகள் இடத்தைப் பார்த்தான். அந்தப் பெண்ணும் தன் 34-உடன் 17-ஐச் சேர்த்தாள். கொஞ்ச நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "டீச்சர், எட்டுப் பேர் எங்கிருந்தோ புதுசா ஏறிட்டாங்க" என்றாள். பென்சில் கட்டை எடுத்து அவள் கையில் கொடுத்தேன்.