ஐந்து பதிவில் மூன்றுக்குப் பூச்சியமா?

உயர்தரப் பிள்ளைகளுக்கு வைத்த மாதிரிப் பரீட்சையின் கணக்கீட்டு வினா ஒன்றைப் பற்றிப் போன கிழமை இங்கே நிறையப் பேசினோம். மோட்டார் வானை விற்று அகற்றிய கணக்குத்தான். வெள்ளவத்தையில் ஒரு பிள்ளை கொண்டுவந்து காட்டிய விடைத்தாளைப் பார்த்த பிறகு பேசாமல் இருக்க முடியவில்லை. பத்துப் புள்ளிக்கு நாலு. அந்தப் பிள்ளைக்கு ஒன்பது கிடைத்திருக்க வேண்டும்.

வினா இதுதான். 2021 ஏப்ரல் 1இல் 20 இலட்சம் ரூபாய்க்கு வாங்கிய வான். நேர்கோட்டு முறையில் வருடம் 20% பெறுமானத் தேய்வு. 2024 செப்டெம்பர் 30இல் 5 இலட்சம் காசுக்கு விற்றாயிற்று. மார்ச் 31இல் முடியும் நிதியாண்டு. அகற்றல் கணக்கினூடாகப் பொது நாளேட்டுப் பதிவுகளைத் தர வேண்டும். பதிவு ஐந்து, ஒவ்வொன்றுக்கும் இரண்டு புள்ளி.

அந்தப் பிள்ளை விட்ட பிழை ஒன்றே ஒன்று. விற்ற வருடத்துக்கு ஆறு மாதத் தேய்வாக 2 இலட்சம் போடாமல், முழு வருடத்துக்கு 4 இலட்சம் போட்டுவிட்டாள். அது பிழைதான், முதலாம் பதிவின் தொகைக்கு உரிய ஒரு புள்ளியைக் குறைக்க வேண்டியதுதான். கிரயம் 20 இலட்சத்தை அகற்றல் கணக்குக்கு வரவு வைத்தது சரி. தேய்வு ஏற்பாட்டை அகற்றல் கணக்குக்கு மாற்றும்போது 14 இலட்சத்துக்குப் பதில் 16 இலட்சம் வந்தது, ஏனென்றால் முதல் பிழை அங்கே கூடவே வந்தது. காசு 5 இலட்சம் சரி. கடைசியில் அவளுடைய அகற்றல் கணக்கில் வரவு 20 இலட்சம், செலவு 21 இலட்சம். ஆகவே 1 இலட்சம் இலாபம் என்று கண்டு, அகற்றல் கணக்கை வரவு வைத்து இலாப நட்டக் கணக்கைச் செலவு வைத்தாள். தன் தொகைகளுக்கு அவள் செய்தது முழுக்கச் சரி.

மாதிரி விடையில் 1 இலட்சம் நட்டம் என்று இருக்கிறது. அதனால் ஐந்தாவது பதிவுக்குப் பூச்சியம். மூன்றாவதுக்கும் பூச்சியம். முதலாவதிலும் கணக்குகள் சரியான பக்கத்தில் இருந்தும் பூச்சியம். ஒரே பிழைக்கு மூன்று தரம் தண்டனை. பதிவு பதிவாகப் புள்ளி பிரிப்பதே இதைத் தடுக்கத்தானே?

இன்னொன்று கேளுங்கள், எனக்கு வயிறு எரிவது இதில்தான். இதே முழு வருடப் பிழையை விட்டு, தன் கணக்கைச் சமப்படுத்திப் பார்க்காமல், மனப்பாடத்தில் 1 இலட்சம் நட்டம் என்று எழுதும் பிள்ளைக்கு அந்தக் கடைசிப் பதிவுக்கு முழுப் புள்ளி விழும். மாதிரி விடையோடு ஒத்துப்போகிறதே. விளங்கிச் செய்தவளுக்கு இல்லை, விளங்காமல் எழுதியவருக்கு உண்டு.

இது வினா எழுதியவரின் பிழை. விற்ற விலையை 5 இலட்சம் 30 ஆயிரம் என்று வைத்திருந்தால் போதும். சரியாகச் செய்தவருக்கு 70 ஆயிரம் நட்டம் வரும். முழு வருடத் தேய்வு போட்டவருக்கு 1 இலட்சம் 30 ஆயிரம் இலாபம் வரும். அந்த வருடத் தேய்வையே மறந்தவருக்கு 2 இலட்சம் 70 ஆயிரம் நட்டம் வரும். கடைசித் தொகையைப் பார்த்தவுடனே எங்கே பிசகியது என்று தெரியும். வினா எழுதும்போதே, பிள்ளைகள் வழக்கமாக விடும் இரண்டு மூன்று பிழைகளை நாமே விட்டு, விடையைப் போட்டுப் பார்க்க வேண்டும். ஒரே தொகை இரண்டு வழியில் வந்தால் அந்த எண்ணை மாற்ற வேண்டும்.

“இப்படித் தாராளமாகப் புள்ளி போட்டால் வரவு செலவு மாற்றி எழுதுகிறவனுக்கும் விழுமே” என்று ஒருவர் கேட்டார். விழாது. இரண்டு கணக்கும் சரியான பக்கத்தில் இருந்தால் ஒரு புள்ளி, அது கிடைத்தால் மட்டுமே, பிள்ளையின் முந்திய பதிவுகளுக்குச் சரியாகப் பொருந்தும் தொகைக்கு மற்றப் புள்ளி. எது சரியான பக்கம் என்பதை ஐந்தாவது பதிவில் மட்டும் பிள்ளையின் அகற்றல் கணக்கு மீதி தீர்மானிக்கும். இதைப் புள்ளித் திட்டத்தில் ஒரு வரியாக எழுதிவிட்டால், திருத்துகிறவர் யோசிக்கத் தேவையில்லை.

“கந்தோரில் தொகை பிழைத்தால் பாதிச் சம்பளமா கொடுப்பார்கள்?” என்றும் கேட்கிறார்கள். இது கந்தோர் இல்லை, உயர்தரத்துக்குப் படிக்கிற பிள்ளையின் மாதிரித் தாள். எது தெரியும் எது தெரியாது என்று காட்டத்தான் காசு வாங்கிப் பரீட்சை வைக்கிறீர்கள். நாலு என்ற எண் அவளுக்கு என்ன சொன்னது? அகற்றல் கணக்கே தெரியாது என்று சொன்னது. அவளுக்குத் தெரியாதது திகதியைப் பார்த்து மாதத்தை எண்ணுவது மட்டும்தான்.

இப்படித் திருத்த நேரம் இல்லை என்ற சாட்டை நான் ஏற்கவே மாட்டேன்.

அகற்றல் கணக்கைத் தொடாமல் நாலு கணக்கையும் ஒரே கூட்டுப் பதிவாக எழுதிய பிள்ளைகளுக்கும் வெட்டியிருக்கிறார்கள் என்று கேள்வி. அங்கே வெட்டியதில் நியாயம் இருக்கிறது, “அகற்றல் கணக்கினூடாக” என்று வினாவிலேயே இருக்கிறது. ஆனால் தேய்வுப் பதிவைத் தனியாக எழுதியிருந்தால் அதற்குரிய இரண்டையும் கொடுத்தே ஆக வேண்டும்.

தாள்களைத் திருப்பி வாங்கி முதலாம், மூன்றாம், ஐந்தாம் பதிவுகளை மட்டும் மறுபடி பாருங்கள். அந்தப் பிள்ளையின் தாளில் நாலை வெட்டி ஒன்பது என்று போடுங்கள்.