தடுப்பைக் கழற்றியது யார் என்பதையும் அறிக்கையில் எழுதுங்கள்

விபத்து அறிக்கையில் "தொழிலாளியின் கவனக்குறைவு" என்று எழுதிவிட்டு என்னிடம் கையெழுத்துக் கேட்டார்கள். வலது கையில் கட்டுப் போட்டிருந்ததால் இடது பெருவிரல் ரேகை போதும் என்றார்கள். மறுத்துவிட்டேன். ஏன் மறுத்தேன் என்பது பிரஸ் ஓட்டுகிற எல்லோருக்கும் தெரிய வேண்டும்.

நான் ஓட்டியது 40 டன் பவர் பிரஸ், பழைய சாவி கிளட்ச் வகை. பெடலை மிதித்ததும் கிளட்சில் இருக்கும் சாவி ஃப்ளைவீலோடு பூட்டிக்கொள்ளும். ராம் இறங்கி அடித்துவிட்டு மேலே போய் நிற்கும். ஒரு முறை பூட்டிக்கொண்டால் அந்தச் சுற்று முடியும்வரை நிறுத்த வழியே கிடையாது. மோட்டாரை அணைத்தாலும் சுற்றிக்கொண்டிருக்கும் ஃப்ளைவீல் அந்த அடியை அடித்தே தீரும்.

பெடலிலிருந்து காலை எடுத்ததும் ஒரு ஸ்பிரிங் கொக்கியைப் பழைய இடத்துக்கு இழுக்கும். சுற்றி வரும் சாவியை அந்தக் கொக்கி தட்டி விடுவித்தால்தான் ராம் மேலே நிற்கும். அன்று அறுந்தது அந்த ஸ்பிரிங்தான். ஒரு பீஸ் அடித்து முடிந்தது, காலை எடுத்தேன், ராம் மேலே ஏறியது, பீஸை எடுக்கக் கை உள்ளே போனது. ராம் நிற்காமல் மறுபடியும் இறங்கியது. ஆள்காட்டி விரலின் நுனிக் கணு டைக்குள் நசுங்கிப் போனது. கத்தியால் வெட்டுப்பட்டதுபோல இருந்திருந்தால் ஒட்டவைக்க முயன்றிருக்கலாம், இது கூழாகிவிட்டது என்றார் மருத்துவர்.

இதில் என் கவனம் எங்கே குறைந்தது? பெடலில் என் கால் இல்லை. முந்தைய ஷிஃப்டிலேயே ராம் மேலே வந்ததும் நிற்காமல் கொஞ்சம் தாண்டி நிற்கிறது என்று சொல்லப்பட்டிருந்தது. இப்படித் தாண்டி நின்றால் பிரேக் பட்டை தேய்ந்திருக்கலாம், அல்லது அதில் எண்ணெய் இறங்கியிருக்கலாம். எதுவானாலும் அந்த நிமிடமே பிரஸ்ஸை நிறுத்திப் பிரேக்கையும் கிளட்சையும் திறந்து பார்த்திருக்க வேண்டும். பார்த்திருந்தால் தேய்ந்துபோன ஸ்பிரிங்கும் கண்ணில் பட்டிருக்கும். இழுக்கும் ஸ்பிரிங் அறுந்தால் பிடிப்பு மொத்தமாகப் போய்விடும். அதற்குப் பதில் தண்டின் மேல் தள்ளும் ஸ்பிரிங் போட்டிருந்தால் உடைந்த பிறகும் ஓரளவு தாங்கும். செலவும் அதிகமில்லை.

சரி, ஸ்பிரிங் அறுந்தது. டையின் முன்னால் கம்பி வலைத் தடுப்பு இருந்திருந்தால் என் கை அங்கே போயிருக்கவே முடியாது. புது டை வந்தபோது பீஸின் உயரம் கூடியது, தடுப்பின் திறப்பில் நுழையவில்லை. முதல் லாட்டுக்கு மட்டும் என்று சொல்லி டூல் ரூமில் கழற்றினார்கள். பிறகு அது ஸ்கிராப் தொட்டியின் பின்னாலேயே கிடந்தது. போல்ட் துளைகளைப் போய்ப் பாருங்கள் என்று சூப்பர்வைசரிடம் சொன்னேன். நான்கு துளைகளிலும் கிரீஸும் இரும்புத் தூளும் சேர்ந்து கல்லாக இறுகியிருந்தன. அன்று காலையில் கழற்றிய தடுப்பாக இருந்தால் துளை அப்படியா இருக்கும்?

இயந்திரம் ஓடும்போது தடுப்பு அதன் இடத்தில் இருந்தாக வேண்டும் என்று 2025 வரை நடப்பில் இருந்த 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டமே 21ஆம் பிரிவில் சொல்லியிருந்தது. அதைவிட நமக்கு நேரடியாகத் தெரிய வேண்டியது இழப்பீட்டு விஷயம். ஆள்காட்டி விரலில் ஒரு கணு போனால் சம்பாதிக்கும் திறனில் 9 சதவீத இழப்பு என்று இழப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணை கணக்கிடுகிறது. ஆனால் தொழிலாளியே வேண்டுமென்று தடுப்பை அகற்றினார் என்று நிரூபித்துவிட்டால், இதுபோன்ற காயத்துக்கு முதலாளி பணம் தர வேண்டியதில்லை. இ.எஸ்.ஐ. இல்லாத பட்டறைகளில் வேலை செய்பவர்கள் இந்தச் சட்டத்தைத்தான் நம்பியிருக்கிறார்கள். அதனால்தான் தடுப்பு எப்போது, யாரால், எதற்காகக் கழற்றப்பட்டது என்ற வரி அறிக்கையில் இருக்க வேண்டும் என்கிறேன். "கவனக்குறைவு" என்ற ஒற்றைச் சொல்லுக்குக் கீழே கையெழுத்துப் போடாதீர்கள். போல்ட் துளைகளையும் அறுந்த ஸ்பிரிங்கையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது அந்தப் பிரஸ்ஸுக்குச் சென்சார் போடப்போகிறார்களாம். கை குறுக்கே வந்தால் ராம் நடுவில் நிற்கக்கூடிய காற்றழுத்தக் கிளட்ச் பிரஸ்ஸில் சென்சார் உயிரைக் காக்கும். சாவி கிளட்சில் சென்சார் விளக்கு எரியும், ராம் இறங்கும். அங்கே தேவை டையைச் சுற்றி அடைக்கும் நிலையான தடுப்பு, பீஸ் மட்டும் நுழையும் அளவுக்குத் திறப்பு, பீஸை எடுக்க இடுக்கி. டை மாறினால் அந்த டைக்கு ஏற்ற தடுப்பும் டூல் ரூமிலிருந்து கூடவே வர வேண்டும். அது வரும்வரை அந்த லாட் ஓடக் கூடாது. இதை எழுத்தில் கேட்டிருக்கிறேன். எங்கள் ஷிஃப்டில் இருக்கும் மற்றவர்களும் அதில் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்.